ஆலமரத்தடியில் பன்னிரண்டு நரம்புகள்

ராத்திரி பத்தரை மணிக்கு அக்கா மகளிடமிருந்து போன். நர்சிங் முதல் வருஷம் படிக்கிறாள். அடுத்த வாரம் உடற்கூறியல் வைவா.

"சித்தி, ஆறாவது கபால நரம்பு எதுன்னு கேட்டா, ஒண்ணுல இருந்து விரல் விட்டு எண்ணினாத்தான் சொல்ல வருது. எண்ணும்போதே நாலும் அஞ்சும் மாறிப்போகுது."

எங்கே, எண்ணு பார்ப்போம் என்றேன். கடகடவென்று சொல்லிக்கொண்டே போனவள் பதினொன்றில் நின்றுவிட்டாள். ஒன்று வழியில் எங்கோ விழுந்திருக்கிறது. எது என்று அவளுக்கே தெரியவில்லை.

பத்தாம் வகுப்புக்கு முப்பது வருஷம் அறிவியல் நடத்தியவள் நான். பள்ளிக்கூடத்தில் "கபால நரம்புகள் பன்னிரண்டு இணை, தண்டுவட நரம்புகள் முப்பத்தொரு இணை" என்று ஒரே வரியில் கடந்துவிடுவோம். கல்லூரியில் அந்தச் சலுகை கிடையாது. பன்னிரண்டின் பெயரும் தெரிய வேண்டும், அது அதன் எண்ணும் தெரிய வேண்டும். மருத்துவர்கள் பேசுவதும் கேஸ் ஷீட்டில் எழுதுவதும் பெரும்பாலும் எண்ணைத்தான். "ஆறாவது நரம்பு வேலை செய்யவில்லை" என்று டாக்டர் சொன்னால், பக்கத்தில் நிற்கும் நர்சுக்கு அது கண்ணா, காதா, நாக்கா என்று உடனே புரிய வேண்டும்.

இந்த எண் வரிசைக்கு இருநூற்று நாற்பது வயதுக்கு மேல் ஆகிறது. மூளையின் அடிப்பாகத்தில் முன்னிருந்து பின்னாக இந்த நரம்புகள் வெளியே வரும் இடத்தை வைத்து, 1778-இல் ஜெர்மானிய உடற்கூறியலாளர் சாமுவேல் தாமஸ் ஸோமரிங் போட்ட கணக்கு இது. அதற்கு முன் தாமஸ் வில்லிஸ் 1664-இல் வேறு மாதிரி எண்ணியிருந்தார். இன்று நாம் ஏழு, எட்டு என்று பிரிக்கும் இரண்டையும் அவர் ஏழாவது என்று ஒன்றாக வைத்தார். ஒன்பது, பத்து, பதினொன்று மூன்றையும் எட்டாவதில் அடக்கினார். ஆகவே எண் என்பது மனிதர்கள் ஒட்டிய சீட்டுதான். யோசித்துப் பார்த்து வரவழைக்க முடியாது. இப்படிப்பட்ட பட்டியலுக்குத்தான் நினைவுக் குறிப்பு தேவைப்படுகிறது.

அவளிடம் ஒரு குறிப்பு இல்லாமல் இல்லை. ஹாஸ்டல் சீனியர்கள் கொடுத்தது, உலகம் முழுக்க மருத்துவ மாணவர்கள் ஒப்பிக்கும் பழைய ஆங்கில வாக்கியம். ஒலிம்பஸ் மலையுச்சியில் ஒரு ஃபின்லாந்துக்காரரும் ஒரு ஜெர்மானியரும் நின்று ஹாப்ஸ் கொடியைப் பார்த்தார்களாம். ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தும் ஒரு நரம்பின் முதல் எழுத்து. (இதைவிட வேகமாக மனதில் ஒட்டும் இன்னும் சில வாக்கியங்களும் ஹாஸ்டலில் உண்டு. அவற்றை எந்தப் பத்திரிகையும் அச்சிடாது.)

இந்த ஒலிம்பஸ் வாக்கியத்தில் அவள் எங்கே இடறினாள் என்று பார்த்தேன். பத்தாவது வரை தமிழில் படித்தவளுக்கு ஒலிம்பஸும் தெரியாது, ஹாப்ஸும் தெரியாது. பன்னிரண்டு பெயரை நினைவில் வைக்க, பொருள் புரியாத இன்னொரு வாக்கியத்தையும் மனப்பாடம் செய்திருக்கிறாள். சுமையை இறக்கி வைக்க வந்த ஆள் தன் மூட்டையையும் அவள் தலையிலேயே ஏற்றிவிட்டான்.

அதைவிடப் பெரிய சிக்கல் எழுத்தில் இருக்கிறது. முதல் மூன்று நரம்புகளுமே ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. நான்கும் ஐந்தும் வேறொரு எழுத்தில் ஒன்றுபோல நிற்கின்றன. வாக்கியம் தவறாமல் நினைவுக்கு வந்தாலும் "இங்கே ஓ என்று ஏதோ ஒன்று" என்பதற்கு மேல் அது பேசாது. எந்த ஓ? நாலும் அஞ்சும் மாறிப்போனதன் காரணம் இதுதான்.

போதாததற்கு அந்த வாக்கியம் கொஞ்சம் பழசாகியும் போயிற்று. எட்டாவது நரம்புக்கு ஒரு காலத்தில் 'ஆடிட்டரி' என்று பெயர். அதன் முதல் எழுத்துக்காக வாக்கியத்தில் ஒரு சொல் வைத்தார்கள். இப்போது புத்தகத்தில் இருக்கும் பெயர் வெஸ்டிபுலோகாக்ளியர். பதினொன்றாவதையும் 'ஸ்பைனல்' என்ற முன்னொட்டைக் கணக்கில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். இப்போது வெறும் அக்ஸஸரிதான். பெயர் மாறியபோது வாக்கியம் மாறவில்லை. பாடப்புத்தகத்தோடு ஒருமுறை ஒத்துப்பார்க்காமல் கடன் வாங்கினால் இப்படித்தான்.

"நாமே ஒண்ணு கட்டுவோம், தமிழ்ல" என்றேன்.

"தமிழ்லயா? பேரெல்லாம் இங்கிலீஷ்ல இருக்கே சித்தி?"

அதுதான் வசதி. ஆங்கிலத்தில் முதல் எழுத்து என்றால் ஒற்றை எழுத்து. தமிழில் எழுதினால் உயிரும் அதை ஒட்டி வரும் மெய்யும் சேர்ந்து ஓர் அசையாகவே கிடைத்துவிடும். உங்கள் கல்லூரியில் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே பன்னிரண்டையும் வாய்விட்டுச் சொல், காதில் முதலில் விழும் ஒலியை மட்டும் தமிழில் எழுது என்றேன். ஆல்ஃபாக்டரி, ஆப்டிக், ஆக்குலோமோட்டார், ட்ராக்ளியர், ட்ரைஜெமினல், அப்டூசன்ஸ், ஃபேஷியல், வெஸ்டிபுலோகாக்ளியர், க்ளாஸோஃபாரிஞ்சியல், வேகஸ், அக்ஸஸரி, ஹைப்போக்ளாஸல். அவள் எழுதியது: ஆல், ஆப், ஆக், ட்ராக், ட்ரை, அப், ஃபே, வெஸ், க்ளா, வேக, அக், ஹை.

ஆங்கிலத்தில் ஒரே முகத்தோடு நின்ற மூன்றும் தமிழில் ஆல், ஆப், ஆக் என்று தனித்தனி ஆளாகிவிட்டன. ட்ராக்கும் ட்ரையும் பிரிந்துவிட்டன. இனி ஒவ்வொரு ஒலிக்கும் யோசிக்காமல் வாயில் வரும் சொல்லைப் போட வேண்டியதுதான். ஆல் என்றதும் ஆலமரம். ஆப் ஆப்பம் ஆனது. தமிழ்ச் சொல் டகரத்தில் தொடங்காது என்று புலவர்கள் முகம் சுளிக்கலாம். டிராக்டரும் டிரைவரும் நம் ஊர்ச் சொற்களாகி வெகுகாலம் ஆயிற்று. பத்து நிமிஷத்தில் வாக்கியம் தயார்:

ஆலமரத்தடியில் ஆப்பம் ஆக்க, டிராக்டர் டிரைவரும் அப்பாவும் ஃபேனைப் போட்டு வெஸ்ட் இண்டீஸ் ஆட்டம் கேட்க, கிளாஸோடு வேகமாக அக்கா வர, ஹைய்யா!

இப்போது படுத்துத் தூங்கு, காலையில் எதையும் பார்க்காமல் வெள்ளைத்தாளில் ஒன்று முதல் எழுதி எனக்கு போட்டோ அனுப்பு என்றேன். கட்டிய சூட்டில் எல்லாக் குறிப்பும் நினைவில் இருக்கும். ஒரு தூக்கம் கழித்துத்தான் அதன் யோக்கியதை தெரியும்.

காலையில் வந்த தாளில் பதிமூன்று வரிசை இருந்தது. எட்டுக்கு அடுத்து "ஆ..." என்று எழுதி, மேலே வராமல் கோடு போட்டிருந்தாள். தவறு என்னுடையது. "வெஸ்ட் இண்டீஸ் ஆட்டம்" என்று போட்டேன் அல்லவா, அந்த ஆட்டம் வெறும் ஒட்டுச் சொல். ஆனால் ஆலமரம், ஆப்பம், ஆக்க என்று ஆகாரத்தை மூன்று முறை சாவியாகப் பழக்கிவிட்டபின், நாலாவது ஆகாரம் வந்தால் மனம் அதையும் சாவி என்றுதான் எடுத்துக்கொள்ளும். ஒட்டுச் சொற்கள் எதுவும் சாவிச் சொல்லின் ஒலியில் தொடங்கக் கூடாது. ஆட்டத்தை எடுத்துவிட்டு மேட்ச் என்று மாற்றினேன். போட்டு, கேட்க, வர எல்லாம் இருக்கட்டும். அந்த ஒலியில் நரம்பு எதுவும் இல்லை.

இரண்டாவது தவறு தாளில் தெரியவில்லை, பேச்சில் வெளிப்பட்டது. "பத்தாவது வேகஸ். அது ஹார்ட்டை வேகமாக்கும்" என்றாள். நேர்மாறு. வேகஸ் நரம்பு இதயத்துடிப்பைக் குறைப்பது. லத்தீனில் அந்தச் சொல்லுக்கு அலைந்து திரிவது என்று பொருள். தலையிலிருந்து கழுத்து, நெஞ்சு, வயிறு என்று வெகுதூரம் போவதால் அந்தப் பெயர். நான் கொடுத்த 'வேகமாக' என்ற தமிழ்ச் சொல் தன் பொருளையும் உடன் கொண்டுவந்து, பாடத்தில் இல்லாததைச் சொல்லிக்கொடுத்துவிட்டது. ஒலி பொருந்தி, பொருள் முரண்படும் சொல்லைவிட ஆபத்தானது இந்த வேலையில் வேறில்லை. பெயரை மறந்தால் மாணவிக்குத் தெரியும். பொருள் திரும்பிப்போனால் தெரியாது, தைரியமாகத் தப்பாகச் சொல்வாள்.

கொஞ்ச நேரம் யோசித்து அவளே சொன்னாள்: "வேகத்தடைன்னு வெச்சுக்கலாமா சித்தி?"

அந்த ஒரு சொல்லில் அவள் என்னைத் தாண்டிவிட்டாள். வேகத்தடை, வேகத்தைக் குறைப்பது. பெயரின் ஒலியும் நரம்பின் வேலையும் ஒரே சொல்லில் வந்துவிட்டன. திருத்திய வாக்கியம் இப்படி ஆயிற்று:

ஆலமரத்தடியில் ஆப்பம் ஆக்க, டிராக்டர் டிரைவரும் அப்பாவும் ஃபேனைப் போட்டு வெஸ்ட் இண்டீஸ் மேட்ச் கேட்க, கிளாஸோடு வேகத்தடை தாண்டி அக்கா வர, ஹைய்யா!

நமக்கு இது புதிதும் இல்லை. யாப்பிலக்கணத்தில் தேமா, புளிமா, கூவிளம், கருவிளம் என்று வாய்பாடு படித்திருப்பீர்கள். தேமா என்பது நேர் நேர் என்பதற்குப் பெயர். 'தே', 'மா' என்று பிரித்துப் பார்த்தால் அந்தச் சொல்லே நேர் நேர்தான். புளிமா, நிரை நேர். பெயரை மறக்காதவரை பொருளும் மறக்காது, ஏனென்றால் பெயருக்குள்ளேயே பொருள் உட்கார்ந்திருக்கிறது. வேகத்தடையைப் போல மற்ற பதினொன்றையும் அந்த மாதிரி ஆக்க முடியுமா என்று இருவரும் உட்கார்ந்தோம். சொல்லில் முடியாவிட்டால் காட்சியில்.

ஆலமரத்தடிக்குப் போகும்போதே வாசனை வருகிறது. முதல் நரம்பு முகர்வதற்கு. ஆப்பத்தைப் பாருங்கள், நடுவில் தடித்து, ஓரம் மெலிந்து, விழித்த கண் மாதிரி இருக்கும். இரண்டாவது பார்வை நரம்பு. ஆக்குகிறவளின் கண் கரண்டியோடு மேலும் கீழும் போகிறது, மாவை ஊற்றும்போது இமை உயர்கிறது. கண்ணை அசைக்கும் தசைகளில் பெரும்பாலானவற்றையும், மேலிமையைத் தூக்குவதையும் கவனிப்பது மூன்றாவது.

நாலாவதுதான் எனக்குப் பிடித்தது. ட்ராக்ளியர் கண்ணில் ஒரே ஒரு தசையை இயக்குகிறது. அந்தத் தசையின் நாண், கிணற்று ராட்டினத்தில் கயிறு போவதுபோல ஒரு சிறு வளையத்தின் வழியே திரும்பிப் போகும். ட்ராக்ளியா என்றாலே ராட்டினம். இந்த நரம்பு கெட்டால் நோயாளி முதலில் சொல்லும் குறை, படி இறங்கும்போது இரண்டு இரண்டாகத் தெரிகிறது என்பது. ஆகவே எங்கள் டிராக்டர் நின்றுகொண்டிருக்கிறது. உயரமான அதன் படியிலிருந்து ஒருவர் காலடியைப் பார்த்துப் பார்த்து இறங்குகிறார். இறங்கியவர்தான் டிரைவர். அவர் நெற்றியில் மூன்று பட்டை விபூதி, வாயில் வெற்றிலை. ட்ரைஜெமினலுக்கு மூன்று கிளை, நெற்றிக்கு ஒன்று, கன்னத்துக்கு ஒன்று, தாடைக்கு ஒன்று. முகத்தின் தொடு உணர்வும் மெல்லும் வேலையும் அதனுடையவை.

அப்பா கடைக்கண்ணால் டிரைவரைப் பார்க்கிறார். கண்ணை வெளிப்பக்கமாகத் திருப்புவது ஆறாவது. ஆலமரக் கிளையில் ஃபேன் எங்கிருந்து வந்தது என்று கேட்கக் கூடாது. அபத்தமாக இருப்பதால்தான் நிற்கிறது. காற்று பட்டதும் எல்லோர் முகமும் மலர்கிறது, ஏழாவது முகபாவனைக்கு. ரேடியோவில் வர்ணனை கேட்கிறது, எட்டாவது. கிளாஸில் இருப்பதை விழுங்குகிறோம், ஒன்பதாவது. பத்து வேகத்தடை. அக்காவின் இரண்டு கையிலும் தட்டு, அதனால் யார் என்ன கேட்டாலும் தோளைக் குலுக்கித்தான் பதில் சொல்கிறாள். தோளை உயர்த்துவதும் கழுத்தைத் திருப்புவதும் பதினொன்று. கடைசியில் ஹைய்யா என்று நாக்கை நீட்டும் ஒரு வாண்டு. நாக்கின் அசைவுக்குப் பன்னிரண்டு.

இந்தக் காட்சிகள் அலங்காரத்துக்கு அல்ல. அப்பாவும் அக்காவும் இருவருமே அகரத்தில் தொடங்கும் உறவுகள். வெறும் வாக்கியமாக இருந்தபோது இரண்டாம் நாள் அவள் இருவரையும் இடம் மாற்றிவிட்டாள். கண்ணைத் திருப்பும் நரம்பு தோளுக்குப் போய்விட்டது. கடைக்கண் அப்பாவும் தோள் குலுக்கும் அக்காவும் வந்தபின் அந்தக் குழப்பம் இல்லை.

எந்த நரம்பு உணர்வுக்கு, எது இயக்கத்துக்கு, எது இரண்டுக்கும் என்று தனியாக ஒரு கேள்வி வரும். ஆங்கிலத்தில் அதற்கும் பன்னிரண்டு சொல்லில் ஒரு வாக்கியம் உண்டு. வேண்டாம் என்றேன். உணர்வுக்கு மட்டுமே என்று பாடத்தில் சொல்வது ஒன்று, இரண்டு, எட்டு. நம் கதையில் முகர்ந்தது, பார்த்தது, கேட்டது, அவ்வளவுதான். இரண்டும் கலந்தவை ஐந்து, ஏழு, ஒன்பது, பத்து. மற்றதெல்லாம் இயக்கம். ஏழு எண்களுக்காக இன்னொரு வாக்கியம் கட்டினால், எது எந்த வாக்கியம் என்று நினைவில் வைக்க மூன்றாவது ஒன்று தேவைப்படும்.

இத்தனைக்குப் பிறகும் இந்த முறைக்கு ஒரு குறை உண்டு. ஒன்றிலிருந்து ஓடினால் பன்னிரண்டும் வரும். "பதினொன்று எது?" என்று நேரடியாகக் கேட்டால் மறுபடியும் ஆலமரத்தடியிலிருந்துதான் கிளம்ப வேண்டும். வாக்கியத்துக்கு வரிசை தெரியும், எண் தெரியாது.

கர்நாடக சங்கீதக்காரர்கள் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறார்கள். எழுபத்திரண்டு மேளகர்த்தா ராகங்களின் பெயரிலேயே எண் ஒளிந்திருக்கிறது. கடபயாதி என்ற அந்த முறையில் ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஓர் எண். மேசகல்யாணியில் 'ம'வுக்கு 5, 'ச'வுக்கு 6; திருப்பிப் போட்டால் 65, அறுபத்தைந்தாவது மேளம். மாளவகௌளைக்கு முன்னால் மாயா என்று ஒட்டியது இந்தக் கணக்குக்காகத்தான். 'ம' 5, 'ய' 1, திருப்பினால் 15. பெயரைச் சொன்னால் எண்ணாமலே எண் வந்துவிடும். (இதைத் தமிழ் எழுத்தை மட்டும் பார்த்துக் கணக்கிட முடியாது. தீர சங்கராபரணத்தின் முதலெழுத்து வடமொழியில் நான்காம் தகரம், அதற்கு 9. நாம் எல்லாத் தகரத்துக்கும் ஒரே 'த'வை எழுதுகிறோம்.)

நரம்புகளின் பெயரை நாம் மாற்ற முடியாது. அதனால் எளிய வழி ஒன்று செய்தோம், வழியில் இரண்டு மைல்கல். டிரைவரின் ஐந்து விரலும் ஸ்டியரிங்கில் இருக்கின்றன, ஆகவே அவர் ஐந்து. வேகத்தடைக்குப் பக்கத்தில் 10 என்று வேகவரம்புப் பலகை. ஆறு என்றால் டிரைவருக்கு அடுத்தவர், பதினொன்று என்றால் தடையைத் தாண்டியவள். எண்ணுவது எப்போதும் இரண்டு மூன்றுக்குள் முடிந்துவிடும். பழகுவதற்கு எண்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போட்டு எடுத்தாள். வரிசையாகச் சொல்லத் தெரிந்தவளுக்குக் கலைத்துக் கேட்டால் வரவில்லை என்றால், அவளுக்குப் பாட்டுத்தான் தெரியும், பாடம் தெரியாது.

எல்லாப் பட்டியலுக்கும் இப்படிக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. செல் பிரிதலின் நான்கு நிலைகளுக்கு முதலெழுத்துகளைக் கோத்து ஒப்பிக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அது ஒரு நிகழ்வு. ஒன்று முடிந்த இடத்தில்தான் அடுத்தது தொடங்க முடியும். குரோமோசோம்கள் சுருங்கித் தடிக்காமல் நடுவில் வந்து நிற்க முடியாது, நடுவில் நிற்காமல் இரு பக்கமும் பிரிந்து போக முடியாது, பிரியாமல் இரண்டு உட்கரு உருவாக முடியாது. அந்தாதி மாதிரி. நம்மாழ்வாரின் திருவாய்மொழியில் 1102 பாசுரங்களும் அப்படித்தான் கோக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றின் முடிவு அடுத்ததின் முதல். செயல்முறைக்குக் காரணத்தையே கயிறாகப் பிடித்துக்கொண்டால் வேறு வாக்கியம் தேவையில்லை. காரணம் கேட்டால் பதில் சொல்லாத பட்டியலுக்கு மட்டும் ஆலமரமும் ஆப்பமும்.

வைவா முடிந்த அன்று சாயங்காலம் போன் வந்தது. கபால நரம்பைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையாம். மணிக்கட்டு எலும்பைக் கையில் கொடுத்து, எட்டையும் வரிசையாகச் சொல் என்றார்களாம். ஆறு சொல்லியிருக்கிறாள்.

அந்த எட்டில் ட்ரபீஸியம், ட்ரபீஸாய்டு என்று இரண்டு அடுத்தடுத்து வருகின்றன. தமிழில் எழுதினாலும் ட்ரபீஸி, ட்ரபீஸா என்று மூன்றெழுத்துக்கு மேல் போனால்தான் பிரிகின்றன. மூன்று நாளாக முயன்றும் எங்களுக்கு நல்ல சொல் கிடைக்கவில்லை. உங்களுக்குக் கிடைத்தால் எழுதி அனுப்புங்கள். அடுத்த தேர்வு ஆறு மாதத்தில்.